கோச்சிங் சென்டரில் முதல் மாதத்திலேயே விலகினால் கட்டிய பணத்தைத் திரும்ப வாங்குவது எப்படி?

நீட், ஜேஇஇ கோச்சிங்கில் பிள்ளையைச் சேர்த்து, முழு வருடப் பணத்தையும் கட்டி, சில வாரங்களிலேயே விலக வேண்டி வந்த பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகளை ஹாஸ்டலோடு கூடிய நீட் ரிப்பீட்டர் பேட்ச்சில் சேர்த்தோம். கல்லூரியில் இடம் கிடைத்ததும் விலக்கினோம். கேட்ட முதல் நாள் கிடைத்த பதில்: "மேடம், ஃபீஸ் கட்டினா ரீஃபண்ட் கிடையாது. ஃபார்ம்லயே போட்டிருக்கு, நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க." கடைசியில் பெரும்பகுதிப் பணம் வந்தது, ஆனால் அலைச்சலுக்குப் பிறகுதான். அந்த அலைச்சலில் பாதியையாவது நீங்கள் தவிர்க்கலாம்.

1. கடிதம் கொடுக்கும் முன் கைக்கு வர வேண்டியவை

பிள்ளையின் அசல் சான்றிதழ் ஏதாவது அவர்களிடம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், டிசி என எதையாவது "வெரிஃபிகேஷனுக்கு" என்று வாங்கி வைத்திருப்பார்கள். பணம் கேட்டு எழுதிய பிறகு அவற்றை வாங்கப் போனால், "நோ டியூஸ் போட்டுட்டு வாங்க" என்பார்கள். அந்த நோ டியூஸ் தாளில் "எங்களுக்கு எந்தப் பாக்கியும் இல்லை" என்ற வரியும் இருக்கும். அதனால் கல்லூரி அட்மிஷனுக்குத் தேவை என்று சொல்லி அசலை முதலில் வாங்கிவிடுங்கள். அது பொய்யும் இல்லை.

அடுத்து ரசீதுகள். மொத்தத் தொகை மட்டும் போட்ட ரசீது போதாது. பயிற்சிக் கட்டணம், ஜிஎஸ்டி, ஹாஸ்டல், மெஸ், புத்தகம், காப்புத் தொகை என்று பிரித்துப் போட்டது வேண்டும். பிரிக்காமல் கொடுத்திருந்தால் "வருமான வரிக்கு வேண்டும்" என்றோ "ஆபீஸில் கேட்கிறார்கள்" என்றோ சொல்லி இப்போதே கேட்டு வாங்குங்கள். பணமாகக் கொடுத்ததற்கு ரசீது இல்லையென்றால், அந்தத் தேதியில் ஏடிஎம்மில் எடுத்ததற்கான வங்கி ஸ்டேட்மென்ட்டும், பணம் கிடைத்ததாக அவர்கள் அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும் ஓரளவு உதவும்.

சேர்க்கை விண்ணப்பத்தின் எல்லாப் பக்கங்களையும் போட்டோ எடுங்கள், பொடி எழுத்து உள்ள பின்பக்கம் உட்பட. அவர்களுடைய ஆப்பில் வருகைப் பதிவு இருந்தால் அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிடுங்கள். விலகியதும் முதலில் அந்த லாகினைத்தான் மூடுவார்கள்.

2. பணம் உண்மையில் யாரிடம் போனது?

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. வாசலில் ஒரு பிராண்டின் பெயர்ப் பலகை இருக்கும். உள்ளே நடத்துபவர் ஃபிரான்சைஸி எடுத்த உள்ளூர்க்காரராக இருப்பார். அவரைக் கேட்டால் "ஹெட் ஆபீஸ்தான் முடிவு பண்ணணும்" என்பார். ஹெட் ஆபீஸைக் கேட்டால் "சென்டர்ல பேசுங்க" என்பார்கள். இந்தப் பந்தாட்டத்திலேயே ஒரு மாதம் போய்விடும்.

ரசீதில் உள்ள 15 இலக்க ஜிஎஸ்டி எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைச் சொல்லும்: 33 என்றால் தமிழ்நாடு, 08 ராஜஸ்தான், 07 டெல்லி. ஜிஎஸ்டி இணையதளமான gst.gov.in-இல் Search Taxpayer என்ற இடத்தில் அந்த எண்ணைப் போட்டால், பதிவு செய்த நிறுவனத்தின் சட்டப்படியான பெயர் வரும். எங்கள் விஷயத்தில் பலகையில் இருந்த பெயர் ஒன்று, அங்கே வந்த பெயர் வேறொன்று. பயிற்சிக் கட்டணம் ஒரு கணக்குக்கும் ஹாஸ்டல் பணம் இன்னொரு கணக்குக்கும் போயிருந்தது. வங்கி ஸ்டேட்மென்ட்டில் பணம் பெற்றவர் பெயரையும் இதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடிதத்தை உள்ளூர் சென்டர், ரசீது தந்த நிறுவனம், பிராண்டின் தலைமை அலுவலகம் என எல்லாருக்கும் சேர்த்தே அனுப்ப வேண்டும்.

3. எவ்வளவு கேட்பது? கணக்கை நீங்களே போடுங்கள்

"எங்கள் பணத்தைத் தயவுசெய்து திருப்பித் தரவும்" என்று எழுதினால், அவர்கள் இஷ்டத்துக்கு ஒரு தொகையைச் சொல்வார்கள். ரூபாய் கணக்கோடு எழுதினால் பேச்சு அந்தக் கணக்கைச் சுற்றியே நடக்கும்.

கணக்குக்கு அடிப்படை, மத்தியக் கல்வி அமைச்சகம் 2024 ஜனவரியில் வெளியிட்ட கோச்சிங் மையங்களுக்கான வழிகாட்டு நெறிமுறைகள். முழுக் கட்டணமும் கட்டிய மாணவர் இடையில் விலகினால், மீதிக் காலத்துக்கான தொகையை விகிதப்படி 10 நாட்களுக்குள் திருப்பித் தர வேண்டும். ஹாஸ்டலில் இருந்திருந்தால் ஹாஸ்டல், மெஸ் கட்டணத்துக்கும் இது பொருந்தும் என்று அதில் இருக்கிறது. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: இது மத்திய அரசு மாநிலங்களுக்கு அனுப்பிய நெறிமுறை, தனியாக ஒரு சட்டம் அல்ல. "சட்டப்படி 10 நாளில் தந்தே ஆக வேண்டும்" என்று எழுதினால் அவர்களுடைய வக்கீல் அதைத்தான் முதலில் பிடிப்பார். "நெறிமுறையில் கூறியுள்ளபடி" என்று எழுதுங்கள். நியாயமான நடைமுறை எது என்பதற்கு அரசே கொடுத்த அளவுகோலாக அது நிற்கும்.

எங்கள் கணக்கு இப்படி இருந்தது. படிப்புக் காலம் 2025 ஜூலை 1 முதல் 2026 ஏப்ரல் 30 வரை, மொத்தம் 304 நாட்கள். விலகல் கடிதம் கொடுத்தது ஜூலை 24. ஆக 24 நாட்கள் போக மீதி 280 நாட்கள்.

- பயிற்சிக் கட்டணம் ஒரு லட்சம், 18% ஜிஎஸ்டி சேர்த்து ரூ.1,18,000. இதை 304-ஆல் வகுத்து 280-ஆல் பெருக்கினால் ரூ.1,08,684.
- ஹாஸ்டலும் மெஸ்ஸும் ரூ.76,000. நாளைக்கு ரூ.250 வீதம் மீதி ரூ.70,000.
- ஹாஸ்டல் காப்புத் தொகை ரூ.5,000. இதில் விகிதமே கிடையாது, முழுதாக வர வேண்டும்.
- புத்தகம் ரூ.12,000. நான்கு தொகுதிகளில் ஒன்றுதான் கையில் கொடுத்திருந்தார்கள். மீதி மூன்றுக்கு ரூ.9,000.
- பதிவுக் கட்டணம் ரூ.2,500. இதை நாங்கள் கேட்கவில்லை.

மொத்தம் கேட்டது ரூ.1,92,684. பதிவுக் கட்டணத்தை விட்டதற்குக் காரணம் உண்டு. சேர்க்கை வேலை என்று ஒன்று நடந்திருக்கிறது. அதையும் கேட்டுப் பிடிவாதம் பிடித்தால் மற்ற கணக்கின் நேர்மையையும் சந்தேகப்படுவார்கள். இது என் அபிப்பிராயம்தான். நீங்கள் கேட்டால் தவறில்லை.

ஜிஎஸ்டி விஷயத்தில் "அதை கவர்மென்ட்டுக்குக் கட்டியாச்சு, அது மட்டும் வராது" என்று கட்டாயம் சொல்வார்கள். பணத்தைத் திருப்பித் தரும் நிறுவனம் அந்தத் தொகைக்குக் கிரெடிட் நோட் போட்டுத் தன் வரிப் பொறுப்பைக் குறைத்துக்கொள்ள ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவு இடம் தருகிறது. ரசீது போட்ட நிதியாண்டு முடிந்த பிறகு வரும் நவம்பர் 30 வரை அதற்குக் காலம் இருக்கிறது. முதல் மாதத்தில் விலகியவருக்கு இந்தக் காலக்கெடு ஒரு தடையே அல்ல.

4. விலகல் கடிதம்

வாய்மொழியாகச் சொன்ன தேதிக்கு மதிப்பில்லை. கடிதம் போய்ச் சேர்ந்த தேதிதான் கணக்கு. ஒவ்வொரு நாள் தாமதமும் உங்கள் கணக்கில் கழியும். முதல் மாதத்துக்குள் கொடுத்துவிட்டால் இன்னொரு வசதியும் உண்டு. "சீட் காலியாவே போச்சு, எங்களுக்கு நஷ்டம்" என்று அவர்கள் சொல்வது ஜனவரியில் எடுபடலாம். ரிப்பீட்டர் சேர்க்கை நடந்துகொண்டிருக்கும் ஜூலையில் எடுபடாது. அந்த மாதம் வந்த சேர்க்கை விளம்பரத்தை எடுத்து வையுங்கள்.

கடிதம் சுருக்கமாக இருக்கட்டும்:

> பொருள்: படிப்பிலிருந்து விலகல், கட்டணத்தைத் திருப்பித் தரக் கோருதல்
>
> என் மகள் (பெயர், சேர்க்கை எண்) தங்கள் மையத்தில் (படிப்பின் பெயர்) பயின்று வந்தார். 24.07.2025 முதல் படிப்பிலிருந்தும் ஹாஸ்டலிலிருந்தும் விலகுகிறார். கட்டிய தொகைகளின் விவரமும், மீதிக் காலத்துக்கான கணக்கும் இணைப்பில் உள்ளன. அதன்படி ரூ.1,92,684-ஐ இக்கடிதம் கிடைத்த 10 நாட்களுக்குள் கீழ்க்கண்ட வங்கிக் கணக்கில் செலுத்தக் கோருகிறேன். தர இயலாது எனில், காரணத்தையும் தங்கள் கணக்கையும் எழுத்து மூலம் தெரிவிக்கவும்.

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். அவர்கள் எழுத்தில் மறுத்தாலும் உங்களுக்கு ஆதாரம், பேசாமல் இருந்தாலும் ஆதாரம்.

விலகும் காரணத்தைக் கதையாக எழுத வேண்டாம். "உடல்நிலை" என்று எழுதினால் மருத்துவச் சான்று கேட்டு இழுப்பார்கள். சொன்ன ஆசிரியர் வரவில்லை, சொன்னதைவிட இரண்டு மடங்கு பிள்ளைகளை ஒரே வகுப்பில் உட்கார வைத்தார்கள் என்பது போன்ற குறை உண்மையிலேயே இருந்தால், தேதியோடு இரண்டு வரி சேருங்கள். அது வலு சேர்க்கும். இல்லாததை எழுதாதீர்கள்.

கடிதத்தை நேரில் கொடுத்து நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். வரவேற்பில் இருக்கும் பெண் "சார் வரட்டும்" என்று சொல்லி வாங்க மறுப்பார். அவருக்குச் சொல்லிக் கொடுத்தது அது. சண்டை போடாமல் வந்து, அன்றே மெயிலிலும் தபாலிலும் அனுப்பிவிடுங்கள். இப்போது பதிவுத் தபால் தனியாக இல்லை, ஸ்பீட் போஸ்டோடு இணைத்துவிட்டார்கள். கவுன்டரில் ஸ்பீட் போஸ்டோடு பதிவு வசதியும் ஒப்புகையும் வேண்டும் என்று கேளுங்கள். இணையத்தில் வரும் டெலிவரி விவரத்தைப் பிரின்ட் எடுத்து வையுங்கள். தலைமை அலுவலகம் வெளி மாநிலத்தில் இருந்தால் கடிதத்தை ஆங்கிலத்தில் அனுப்புவது நல்லது, மொழிபெயர்ப்பைக் காரணம் காட்டித் தள்ளிப்போட முடியாது.

5. ஈஎம்ஐயில் கட்டியிருந்தால்

இங்கே கவனம் தேவை. "மாதத் தவணை" என்று கோச்சிங்கில் சொல்வது பெரும்பாலும் உங்கள் பெயரில் ஒரு நிதி நிறுவனம் கொடுத்த கடன். முழுப் பணமும் கோச்சிங்குக்கு அன்றைக்கே போயிருக்கும். பிள்ளை விலகிவிட்டாளே என்று வங்கியில் ஆட்டோ டெபிட்டை நிறுத்தினால், பவுன்ஸ் கட்டணமும் சிபில் பாதிப்பும் உங்களுக்குத்தான்.

தவணையை விடாமல் கட்டிக்கொண்டே, விலகல் கடிதத்தின் நகலை நிதி நிறுவனத்துக்கும் மெயிலில் அனுப்புங்கள். ஆப் வழியாக எடுத்த கடனாக இருந்தால், கடன் ஆவணத்தோடு வந்த முக்கிய விவரத் தாளில் "கூலிங் ஆஃப்" காலம் எத்தனை நாள் என்று பாருங்கள். அதற்குள் வெளியேறினால் அசலையும் அதுவரையிலான வட்டியையும் கட்டிக் கடனை முடிக்கலாம். முன்கூட்டி முடிப்பதற்கு அபராதம் இல்லை. பல இடங்களில் இது மிகக் குறுகிய காலம், சேர்ந்த வாரத்திலேயே முடிந்துவிடும். நிதி நிறுவனம் உங்கள் புகாருக்கு 30 நாட்களில் பதில் தராவிட்டால் ரிசர்வ் வங்கியின் cms.rbi.org.in தளத்தில் ஓம்புட்ஸ்மேனிடம் முறையிடலாம்.

6. பத்து நாள் போயும் பதில் இல்லையென்றால்: 1915

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தமிழிலும் பேசலாம். consumerhelpline.gov.in தளத்தில் நீங்களே பதிவு செய்தால், ரசீதையும் கடிதத்தையும் இணைக்க முடியும் என்பதால் நான் அதையே சொல்வேன். பதிவு செய்ததும் ஒரு டாக்கெட் எண் வரும். செலவு எதுவும் இல்லை. புகாரில் நிறுவனத்தின் சட்டப்படியான பெயரைக் கொடுங்கள், இரண்டாம் படியில் எடுத்தது இங்கே உதவும்.

இது நீதிமன்றம் அல்ல. உங்கள் புகாரை நிறுவனத்துக்கு அனுப்பிப் பதில் கேட்பார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பலன் இருக்கிறது. சென்டரில் போனே எடுக்காதவர்கள், டாக்கெட் போனதும் தாங்களாகவே கூப்பிட்டார்கள். முதல் பேச்சில் "40,000 தர்றோம், முடிச்சுக்கலாம்" என்றார்கள். அதற்கு முன்பு, "பணத்தை அடுத்த வருஷம் உங்க சின்னப் பிள்ளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கலாம்" என்றும் ஒரு யோசனை வந்தது. போனில் எதைச் சொன்னாலும், "நீங்கள் இன்று போனில் ரூ.40,000 தருவதாகக் கூறினீர்கள், அதற்கான கணக்கைத் தெரிவிக்கவும்" என்று அன்றே மெயில் போட்டுவிடுங்கள். கணக்குக் கேட்டதற்குப் பதில் வரவில்லை, ஆனால் அடுத்து சொன்ன தொகை கூடியிருந்தது.

7. நோட்டீசும் நுகர்வோர் ஆணையமும்

அடுத்து ஒரு நோட்டீஸ். வக்கீல் மூலமாகத்தான் அனுப்ப வேண்டும் என்று கட்டாயமில்லை. நீங்களே 15 நாள் அவகாசம் கொடுத்து அனுப்பலாம். வக்கீல் லெட்டர்ஹெட்டில் போனால் எதிர்த் தரப்பில் அதைப் படிப்பவர் மாறுவார், அதுதான் லாபம். எங்களுக்கு நோட்டீசுக்குப் பிறகுதான் உண்மையான பேச்சு ஆரம்பித்தது.

அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் மனுவுக்குக் கட்டணம் கிடையாது. e-jagriti.gov.in வழியாக வீட்டிலிருந்தே தாக்கல் செய்யலாம். மனு, தேதிவாரியான நிகழ்வுப் பட்டியல், பிரமாண வாக்குமூலம், ரசீதுகள், கடிதங்கள் ஆகியவை போதும். வக்கீல் வைப்பது உங்கள் விருப்பம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடத்துக்குள் போட்டுவிட வேண்டும்.

அவர்களிடமிருந்து வழக்கமாக வரும் மறுப்புகள் மூன்று.

"ஃபார்மில் ரீஃபண்ட் இல்லை என்று கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள்" என்பது முதலாவது. தராத சேவைக்கான பணத்தையும் ஒரு தரப்பே வைத்துக்கொள்ளும் நிபந்தனை நியாயமற்றது என்று நீங்கள் வாதிடலாம். கோச்சிங் வழக்குகளில் ஆணையங்கள் பலமுறை பணத்தைத் திருப்பித் தர உத்தரவிட்டிருக்கின்றன. எல்லாரும் ஒரே விகிதத்தில் தருவதில்லை. மாணவர் தன் விருப்பத்தில் விலகியிருந்தால் தொகை குறையவும் செய்யும்.

"கல்வி நுகர்வோர் சட்டத்தில் வராது" என்பது இரண்டாவது. பள்ளி, கல்லூரிக்கு அந்த வாதம் உண்டு. ஆனால் 2020 ஜனவரியில் மனு சோலங்கி வழக்கில் தேசிய ஆணையம், கோச்சிங் மையங்களை முறைசார் கல்வி நிறுவனங்களோடு சேர்க்க முடியாது, அவை சேவைதான் என்று சொல்லிவிட்டது. மனுவில் இதை ஒரு பத்தியாகவே எழுதுங்கள்.

"வழக்கு ராஜஸ்தானின் கோட்டா நகரில்தான் போட வேண்டும்" என்பது மூன்றாவது. விண்ணப்பத்தில் எந்த ஊர் நீதிமன்றத்தை எழுதியிருந்தாலும், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே போட 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு அனுமதிக்கிறது.

நேரக் கணக்கு: எதிர்த் தரப்பு பதில் தர 30 நாள், ஆணையம் அனுமதித்தால் மேலும் 15 நாள். அதற்கு மேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொல்லியிருக்கிறது. வழக்கை மூன்று மாதத்தில் முடிக்கச் சட்டம் சொன்னாலும், ஒரு வருடத்துக்கு மேல் ஓடலாம் என்று வைத்துக்கொண்டே இறங்குங்கள். ஒரு சமரசத் தொகையை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்க இது முக்கியம்.

8. பணம் வரும்போது

நாங்கள் புத்தகத்துக்கான ரூ.9,000-ஐ விட்டுக்கொடுத்து ரூ.1,83,684-க்கு ஒத்துக்கொண்டோம். புத்தகம் அச்சடித்து ஒதுக்கி வைத்தாயிற்று என்று அவர்கள் சொன்னதை மறுக்க எங்களிடம் ஆதாரம் இல்லை, அந்தத் தொகைக்காக ஒரு வருடம் ஓட மனமும் இல்லை.

"முழுமையாகத் தீர்ந்தது" என்ற கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் பணம் தருவோம் என்பார்கள். தொகையை எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தொகை, எந்தக் கணக்கு, எந்தத் தேதிக்குள் என்பதை எழுதி, "இத்தொகை வங்கியில் வரவான பிறகே இது செல்லும்" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். பின்தேதியிட்ட காசோலை வேண்டாம், வங்கிப் பரிமாற்றமே கேளுங்கள். பணம் கட்டியது யார் கணக்கிலிருந்தோ அந்தக் கணக்கையே கொடுங்கள், பெயர் மாறினால் அதற்கு ஒரு வாரம் போகும்.

ஈஎம்ஐ எடுத்தவர்களுக்குப் பணம் நேராக நிதி நிறுவனத்துக்குப் போகும். அங்கே கடனை முடித்ததற்கான நோ டியூஸ் சான்றிதழ் வாங்கி, அடுத்த மாதம் தவணை பிடிக்கவில்லை என்பதை வங்கி ஸ்டேட்மென்ட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு 1915 புகாரை முடித்துவிடலாம்; பணம் வருமுன் "தீர்ந்துவிட்டது" என்று அழுத்தச் சொல்லி சென்டரிலிருந்து போன் வந்தால் அழுத்த வேண்டாம்.